−52 எப்படி −2028 ஆனது?

நான்கு நிரை, நான்கு நிரல் கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்வோம்.

```
 0   3   1   2
 2   4  −2   6
 3   5   1   4
−1   1   3   0
```

இதன் அணிக்கோவை மதிப்பைக் காணச் சொன்னால், பிளஸ் டூ கணக்கை நன்றாகப் படித்த ஒரு மாணவர் −2028 என்று விடை எழுதிவிட வாய்ப்பு அதிகம். அவர் போட்ட வழியை வரிவரியாகத் திருத்திப் பார்த்தாலும் கூட்டலில் தப்பு இருக்காது, பெருக்கலில் தப்பு இருக்காது. கழித்தல் குறிகூட வேண்டிய இடத்தில்தான் இருக்கும். ஆனால் சரியான விடை −52. வந்த விடை அதைப்போல 39 மடங்கு.

இது கவனக்குறைவால் வரும் பிழை அல்ல. சமன்பாடுகளைத் தீர்க்கக் கற்ற பழக்கம், அணிக்கோவைக்கு வந்ததும் காலை வாருகிறது. ஒரு நிரையில் கை வைத்தால் அணிக்கோவை என்ன ஆகும் என்பதை ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட்டால், அந்த 39 எங்கிருந்து வந்தது என்று தானாகப் புரிந்துவிடும்.

முதலில் அணிக்கோவை எதை அளக்கிறது? இரண்டு நிரை கொண்ட அணியில் அதைக் கண்ணால் பார்க்கலாம். வரைபடத்தாளில் ஆதிப்புள்ளியிலிருந்து (3, 1) வரை ஒரு கோடும் (1, 2) வரை ஒரு கோடும் போடுங்கள். இவ்விரண்டையும் பக்கங்களாக வைத்து ஓர் இணைகரத்தை முடித்தால் அதன் பரப்பு 5 சதுர அலகு. இந்த இரண்டு புள்ளிகளையும் நிரைகளாக எழுதி, குறுக்கே பெருக்கிக் கழித்தால் 3 × 2 − 1 × 1, அதுவும் 5. மூன்று நிரை என்றால் சாய்ந்த பெட்டி ஒன்றின் கனஅளவு கிடைக்கும். நான்கு நிரைக்குப் படம் போட முடியாது என்றாலும் விதிகள் மாறுவதில்லை.

பள்ளியில் முதலில் சொல்லித்தரும் வழி விரிவாக்கம். ஒரு நிரையின் ஒவ்வோர் உறுப்பையும் அதன் இணைக்காரணியால் பெருக்கிக் கூட்டுவது. மூன்று நிரைக்கு ஆறு பெருக்கற்பலன்கள், நான்குக்கு 24, ஐந்துக்கு 120. பத்து நிரை வந்தால் 36,28,800 ஆகிவிடும். இருபது நிரைக்குச் சுமார் 24,329 கோடி கோடி. நொடிக்கு நூறு கோடி பெருக்கற்பலன்களைக் கணக்கிடும் கணினியை உட்கார வைத்தாலும் முடிக்க 77 ஆண்டுகள் பிடிக்கும். அதே இருபது நிரை அணியை முக்கோண வடிவுக்குக் கொண்டுவந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 2,700 பெருக்கலும் வகுத்தலும் போதும். பொறுமையுள்ள ஒருவர் கையாலேயே போட்டு முடித்துவிடலாம்.

முக்கோண வடிவம் என்றால், மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலை வரை போகும் முதன்மை மூலைவிட்டத்துக்குக் கீழே உள்ள எல்லாம் பூச்சியம். அப்படிப்பட்ட அணிக்கு மூலைவிட்ட உறுப்புகளைப் பெருக்கினால் அதுவே அணிக்கோவை. இது ஏன் என்று கேட்பவர்கள் குறைவு, ஆனால் காரணம் எளிது. விரிவாக்கத்தில் வரும் ஒவ்வொரு பெருக்கற்பலனும் ஒவ்வொரு நிரையிலிருந்தும் ஒன்று, ஒவ்வொரு நிரலிலிருந்தும் ஒன்று என்று எடுத்தது. முக்கோண அணியின் முதல் நிரலில் உச்சியில் இருப்பதைத் தவிர வேறு எதை எடுத்தாலும் பூச்சியம். ஆகவே அதைத்தான் எடுக்க வேண்டும். முதல் நிரை அதோடு தீர்ந்தது. இரண்டாம் நிரலில் மிச்சமிருக்கும் நிரைகளில் பூச்சியமில்லாதது மூலைவிட்டத்தில் இருப்பது மட்டும். இப்படியே கடைசி வரை போனால் பிழைப்பது ஒரே ஒரு பெருக்கற்பலன். மற்ற எல்லாவற்றிலும் எங்காவது ஒரு பூச்சியம் புகுந்து அழித்துவிடும்.

ஆக, கேள்வி இவ்வளவுதான்: கொடுத்த அணியை முக்கோணமாக்க நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அணிக்கோவையை என்ன செய்கிறது? செய்யக்கூடிய மாற்றங்கள் மூன்று. மூன்றையும் அந்த இணைகரத்திலேயே செய்து பார்த்துவிடலாம்.

ஒரு நிரையை 2 ஆல் பெருக்குவோம். (1, 2) என்பது (2, 4) ஆகிறது. ஒரு பக்கம் இருமடங்கு நீண்டுவிட்டது, பரப்பும் இருமடங்கு. கணக்குப்படி 3 × 4 − 1 × 2 = 10. அதாவது ஒரு நிரையை k ஆல் பெருக்கினால் அணிக்கோவையும் k மடங்காகிறது. இதைத் திருப்பிப் பயன்படுத்துவதுதான் கையால் கணக்குப் போடும்போது உதவும்: ஒரு நிரையில் பொதுக்காரணி தெரிந்தால் அதை வெளியே எடுத்து எழுதிவிடலாம். ஆனால் ஒரு நிரைக்கு ஒரு காரணிதான். அணி முழுவதையும் 2 ஆல் பெருக்கினால் இரண்டு பக்கமும் நீண்டு, பரப்பு நான்கு மடங்கு, 20 ஆகிறது. நான்கு நிரை அணியை முழுதாக 2 ஆல் பெருக்கினால் அணிக்கோவை 16 மடங்கு. அணியைப் பெருக்குவதும் அணிக்கோவையைப் பெருக்குவதும் ஒன்று என்று நினைத்து மதிப்பெண் இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இரண்டு நிரைகளை இடம் மாற்றினால்? (1, 2) மேலே, (3, 1) கீழே. 1 × 1 − 2 × 3 = −5. பரப்பு அதேதான், குறி மட்டும் மாறிவிட்டது. முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு எந்தப் பக்கமாகத் திரும்புகிறோம் என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது. முன்பு இடஞ்சுழியாகத் திரும்பினோம், இப்போது வலஞ்சுழி. எத்தனை பெரிய அணியாக இருந்தாலும் எந்த இரண்டு நிரைகளை மாற்றினாலும் ஒரு மாற்றத்துக்கு ஒரு குறிமாற்றம்.

இதிலிருந்து ஒரு சின்ன முடிவு இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு நிரைகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அவற்றை இடம் மாற்றினாலும் அணி மாறாது. அணி மாறவில்லை என்றால் மதிப்பும் மாறக்கூடாது. ஆனால் விதிப்படி குறி மாறியாக வேண்டும். தன்னுடைய எதிர்க்குறி எண்ணுக்குத் தானே சமமாக இருக்கும் எண் பூச்சியம் ஒன்றுதான். ஆகவே இரண்டு நிரை ஒன்றாக இருந்தால் அணிக்கோவை பூச்சியம்.

மூன்றாவது மாற்றம்தான் நாயகன்: ஒரு நிரையோடு இன்னொரு நிரையின் மடங்கைக் கூட்டுவது. (1, 2) உடன் (3, 1) ஐ நான்கு மடங்காக்கிக் கூட்டுவோம். (13, 6) வருகிறது. இணைகரம் நீண்டு, படுத்து, அடையாளமே தெரியாமல் போய்விட்டது. பரப்பு? 3 × 6 − 1 × 13 = 5. மாறவே இல்லை. ஒரு சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து மேலிருந்து பக்கவாட்டில் தள்ளினால் கட்டு சாய்கிறது, ஆனால் அடிப்பாகமும் உயரமும் அப்படியே இருக்கின்றன. இங்கும் நடந்தது அதுதான். (3, 1) என்ற பக்கம் அடி. அதற்கு இணையான திசையில்தான் மற்றப் பக்கத்தின் நுனியைத் தள்ளியிருக்கிறோம்.

படம் போட முடியாத பெரிய அணிக்கும் இது பொருந்தும் என்பதற்குக் காரணம் மேலே கண்ட சின்ன முடிவு. மூன்றாம் நிரையோடு இரண்டாம் நிரையின் k மடங்கைக் கூட்டினால், புதிய அணிக்கோவையை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்றில் மூன்றாம் நிரை பழையபடியே இருக்கும், அது பழைய அணிக்கோவை. இன்னொன்றில் மூன்றாம் நிரையின் இடத்தில் இரண்டாம் நிரையே உட்கார்ந்திருக்கும், அதை k ஆல் பெருக்கியிருப்போம். அந்த இரண்டாவது பகுதியில் இரண்டு நிரை ஒன்றாகிவிட்டதால் அது பூச்சியம். கூட்டுவதற்கு எதுவும் இல்லை.

இப்போது தொடக்கத்தில் கொடுத்த அணிக்குப் போவோம். நிரைகளை R₁, R₂, R₃, R₄ என்று அழைப்போம். முதல் நிரலின் உச்சியில் 0 இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கீழே உள்ள எதையும் நீக்க முடியாது. எனவே R₁, R₂ இரண்டையும் இடம் மாற்றுகிறோம். தாளின் ஓரத்தில் ஒரு −1 எழுதிக்கொள்ளுங்கள். மேலே வந்த நிரை 2, 4, −2, 6. எல்லாம் இரட்டை எண்கள், 2 ஐ வெளியே எடுக்கலாம். ஓரத்தில் இப்போது −2.

```
 1   2  −1   3
 0   3   1   2
 3   5   1   4        ஓரத்தில்: −2
−1   1   3   0
```

அடுத்து முதல் நிரலைச் சுத்தம் செய்ய வேண்டும். R₃ → R₃ − 3R₁, R₄ → R₄ + R₁. இரண்டும் மூன்றாவது வகை மாற்றங்கள், ஓரத்தில் எழுத எதுவும் இல்லை.

```
 1   2  −1   3
 0   3   1   2
 0  −1   4  −5        ஓரத்தில்: −2
 0   3   2   3
```

இரண்டாம் நிரலில் 3 க்குக் கீழே −1, 3 இருக்கின்றன. R₄ → R₄ − R₂ செய்தால் கடைசி நிரை 0, 0, 1, 1 ஆகிவிடும். R₃ இல் உள்ள −1 ஐ நீக்க R₃ → R₃ + ⅓R₂ வேண்டும். பின்னம் வருகிறது, வரட்டும். 4 + ⅓ என்பது 13/3. −5 + ⅔ என்பது −13/3.

```
 1   2   −1      3
 0   3    1      2
 0   0  13/3  −13/3    ஓரத்தில்: −2
 0   0    1      1
```

மூன்றாம் நிரையிலிருந்து 13/3 ஐ வெளியே எடுத்தால் அது 0, 0, 1, −1 என்று அழகாகிவிடும். ஓரத்தில் −2 × 13/3 = −26/3. பிறகு R₄ → R₄ − R₃ செய்தால் கடைசி நிரை 0, 0, 0, 2.

முக்கோணம் தயார். மூலைவிட்டத்தில் 1, 3, 1, 2. பெருக்கினால் 6. ஓரத்தில் சேர்த்துவைத்த −26/3 உடன் பெருக்கினால் −52.

இனி அந்த −2028. பின்னத்தைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர்கள் R₃ → R₃ + ⅓R₂ என்று எழுத மாட்டார்கள். R₃ → 3R₃ + R₂ என்று எழுதுவார்கள். நிரை 0, 0, 13, −13 என்று முழு எண்களாக வந்துவிடும். அதே உற்சாகத்தில் அடுத்த அடியில் R₄ → 13R₄ − R₃, கடைசி நிரை 0, 0, 0, 26. மூலைவிட்டம் 1, 3, 13, 26, பெருக்கினால் 1014. ஓரத்தில் இருந்தது −2. விடை −2028.

3R₃ + R₂ என்று ஒரே மூச்சில் எழுதியது உண்மையில் இரண்டு மாற்றங்கள். முதலில் R₃ ஐ 3 ஆல் பெருக்கினோம், அப்போதே அணிக்கோவை மூன்று மடங்காகிவிட்டது. பிறகு R₂ ஐக் கூட்டினோம், அதில் சேதமில்லை. 13R₄ − R₃ இலும் அப்படியே, ஒரு 13 ஒளிந்திருக்கிறது. 3 × 13 = 39. −2028 ஐ 39 ஆல் வகுத்தால் −52. எனவே பின்னம் பிடிக்காதவர்கள் பின்னத்தைத் தவிர்க்கலாம், தடையில்லை. 3R₃ என்று எழுதும்போதே ஓரத்தில் ⅓ என்றும், 13R₄ என்று எழுதும்போது 1/13 என்றும் குறித்துவிட வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அம்புக்குறிக்கு வலது பக்கம், மாறப்போகிற நிரையின் முன்னால் என்ன எண் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். 1 என்றால் அணிக்கோவை மாறவில்லை. வேறு எண் என்றால் அணிக்கோவை அத்தனை மடங்கு ஆகிவிட்டது. இந்தச் சோதனையில் பலர் எதிர்பாராமல் சிக்குவது R₃ → R₂ − R₃ போன்ற மாற்றத்தில். பார்க்க அப்பாவியாக இருக்கும். ஆனால் R₃ க்கு முன்னால் நிற்பது −1. குறி மாறிவிட்டது.

தவறு செய்கிற மாணவரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம் பாடத்திட்டத்தில் அணிக்கோவை பிளஸ் ஒன்னில் வருகிறது. பிளஸ் டூவில் அணித்தரமும் காஸ் நீக்கல் முறையும் வருகின்றன. அங்கே R₃ → 3R₃ + R₂ என்று போடுவது முழுக்கச் சரி. ஒரு சமன்பாட்டின் இரு பக்கத்தையும் 3 ஆல் பெருக்கினால் தீர்வு மாறாது. நிரையைப் பெருக்கினால் அணித்தரமும் மாறாது. பெருக்கிய எண்ணை நினைவில் வைக்க அங்கே தேவையே இல்லை. அந்தப் பழக்கத்தோடு மறுபடி அணிக்கோவைக்கு வரும்போது, இங்கே ஒவ்வொரு பெருக்கலுக்கும் கணக்கு உண்டு என்பதை யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

வரலாற்றிலும் இவ்விரண்டும் தனித்தனியாகவே வளர்ந்தன. நிரைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துச் சமன்பாடுகளைத் தீர்க்கும் வழி பழைய சீனக் கணித நூலான ஒன்பது அத்தியாயங்களின் எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்நூலுக்கு லியு ஹுய் உரை எழுதியது கி.பி. 263 இல். அணிக்கோவை அதற்கு வெகுகாலம் பின்னால், 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜப்பானில் செகி தக்ககசுவிடமும் ஜெர்மனியில் லைப்னிட்ஸிடமும் ஒருவரையொருவர் அறியாமல் தோன்றியது. கிரேமர் 1750 இல் தம் விதியை வெளியிட்டார். கோஷி 1812 இல் இன்றைய வடிவக் கோட்பாட்டைக் கட்டினார். நீக்கல் முறையோ வேலை செய்பவர்களின் கருவியாக வேறொரு தடத்தில் போய்க்கொண்டிருந்தது. பல்லாஸ் என்ற குறுங்கோளின் பாதையைக் கணிக்க காஸ் அதை முறைப்படுத்திப் பயன்படுத்தினார்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் மாட்டினால் எந்த அணிக்கோவையும் பூச்சியமாகிவிடும். மூன்று நிரை அணியில் R₁ → R₁ − R₂, R₂ → R₂ − R₃, R₃ → R₃ − R₁ என்ற மூன்றையும் ஒரே அடியில், பழைய நிரைகளை வைத்தே செய்துவிட்டால் என்ன ஆகும்? புதிய மூன்று நிரைகளையும் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறை கூட்டலாகவும் ஒருமுறை கழித்தலாகவும் வந்து எல்லாம் அடிபட்டுப் பூச்சியம் மிஞ்சும். நிரைகளின் கூடுதல் பூச்சியம் என்றால் அணிக்கோவையும் பூச்சியம். தொடக்கத்தில் அது 5 ஆக இருந்தாலும் 500 ஆக இருந்தாலும் இதே விடைதான். மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய வேண்டும், இரண்டாவது மாற்றம் முதலாவது முடிந்தபின் இருக்கிற நிரைகளின்மேல் நடக்க வேண்டும். தேர்வுத்தாளில் முதல் இரண்டை மட்டும் ஒரே வரியில் எழுதுவது வழக்கம், அதில் ஆபத்தில்லை. R₁ ஐ முதலில் மாற்றிவிட்டாலும் R₂ க்குத் தேவைப்படுவது R₃ தான், அது இன்னும் கைபடாமல் இருக்கிறது. மூன்றாவது மாற்றம் வட்டத்தை மூடும்போதுதான் வினை.

விடை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செய்த வழியையே மறுபடி ஓட்டிப் பார்ப்பதில் பயன் குறைவு, கண் அதே தப்பை மறுபடி தாண்டிப் போகும். வேறு வழியில் போவது நல்லது. நம் கணக்கில் முதல் நிரலைச் சுத்தம் செய்தபின் இரண்டாம் நிரையில் 3 உம் மூன்றாம் நிரையில் −1 உம் இருந்தன. அந்த இரண்டு நிரைகளையும் இடம் மாற்றினால் பின்னமே வராது. ஓரத்தில் −2 என்பது +2 ஆகிறது. இப்போது R₂ என்பது 0, −1, 4, −5. R₃ → R₃ + 3R₂ செய்தால் 0, 0, 13, −13. R₄ → R₄ + 3R₂ செய்தால் 0, 0, 14, −12. மூன்றாம் நிரையிலிருந்து 13 ஐ வெளியே எடுத்தால் 0, 0, 1, −1 மிஞ்சும், ஓரத்தில் 26. பிறகு R₄ → R₄ − 14R₃, கடைசி நிரை 0, 0, 0, 2. மூலைவிட்டம் 1, −1, 1, 2. பெருக்கினால் −2, அதை 26 ஆல் பெருக்கினால் −52. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. முழு எண்கள் மட்டுமே உள்ள அணியில் விடை பின்னமாக வந்தால் அப்போதே சந்தேகப்படலாம், ஏனென்றால் விரிவாக்கத்தில் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும்தான் உண்டு, முழு எண்ணைத் தவிர வேறு எதுவும் வர வழியில்லை.

இடையில் ஒரு நிரலில், மூலைவிட்ட இடத்திலும் அதற்குக் கீழேயும் எல்லாம் பூச்சியமாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். பேனாவைக் கீழே வைத்துவிடலாம். மூலைவிட்டத்தில் ஒரு பூச்சியம் வந்தாயிற்று, விடை பூச்சியம்.

கணினி இதே வேலையை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் ஒரு சுவையான முரண் தெரியும். நீக்குவதற்குப் பயன்படும் மூலைவிட்ட உறுப்பைப் பொறியியல் வகுப்புகளில் பிவட் என்பார்கள். கையால் போடும் நாம் 1 அல்லது −1 கிடைத்தால் அதைப் பிவட் ஆக்க ஓடுகிறோம், பின்னம் வராதே! கணினிக்குப் பின்னம் ஒரு பொருட்டே அல்ல. அது நிரலில் உள்ளவற்றுள் குறியை விட்டுப் பார்த்தால் எது மிகப் பெரியதோ அதைத் தேடி எடுத்து மேலே கொண்டுவரும். பிவட் பெரியதாக இருந்தால், மற்ற நிரைகளில் கழிக்கும் மடங்கு ஒருபோதும் 1 ஐத் தாண்டாது. அப்போது முந்தைய அடிகளில் தசமத்தில் விழுந்த சின்னச் சின்னப் பிழைகள் ஊதிப் பெருகாமல் அடங்கியிருக்கும். எத்தனை தடவை இடமாற்றம் நடந்தது என்பதை அது எண்ணிவைத்து, கடைசியில் குறியைத் தீர்மானிக்கிறது. NumPy இல் `numpy.linalg.det` செய்வது இதைத்தான்.

ஆனாலும் தசமப் பிழை முழுக்கப் போவதில்லை. 1, 2, 3 முதல் நிரை, 4, 5, 6 இரண்டாவது, 7, 8, 9 மூன்றாவது என்று ஓர் அணி. கையால் R₂ → R₂ − 4R₁, R₃ → R₃ − 7R₁ செய்தால் இரண்டாம் நிரை 0, −3, −6, மூன்றாம் நிரை 0, −6, −12. ஒன்று மற்றதன் இருமடங்கு, அணிக்கோவை பூச்சியம். இதையே NumPy இடம் கொடுத்தால் பல கணினிகளில் 6.66e-16 என்று வரும். தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து பூச்சியங்கள், அப்புறம் 666. கணினி 7 ஐப் பிவட் ஆக எடுத்துக்கொண்டதால் 1/7, 4/7 போன்றவை மடங்குகளாகின. அவற்றை இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாது. கடைசி இலக்கத்தில் வெட்டிய துணுக்குதான் இந்த எண்.

இதைப் பார்த்தவுடன், மிகச் சிறிய விடை வந்தால் பூச்சியம் என்று எடுத்துக்கொள்வோம் என்று முடிவு கட்டத் தோன்றும். அது தவறு. மூலைவிட்டத்தில் எல்லாம் 0.1, மற்ற இடமெல்லாம் பூச்சியம் என்று நூறு நிரை அணி ஒன்றை எடுத்தால் அணிக்கோவை 0.1 ஐ நூறு முறை பெருக்கியது, அதாவது 10⁻¹⁰⁰. 6.66e-16 ஐவிட எவ்வளவோ சிறியது. ஆனால் இந்த அணியில் ஒரு குறையும் இல்லை. இதன் நேர்மாறு, மூலைவிட்டத்தில் 10 கள் நிற்கும் அணி, மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். ஒரு நிரையை 0.1 ஆல் பெருக்கினால் அணிக்கோவை பத்தில் ஒரு பங்காகும் என்ற விதி நூறு முறை வேலை செய்திருக்கிறது, அவ்வளவே. அணிக்கோவை பூச்சியமா இல்லையா என்பது ஒரு கேள்வி, அது எவ்வளவு சிறியது என்பது வேறு கேள்வி. இரண்டாவது, அளவுகளை மீட்டரில் எழுதினோமா சென்டிமீட்டரில் எழுதினோமா என்பதைப் பொறுத்தே மாறிவிடும்.

நிரைகளை நானூறாக்கினால் இன்னும் விபரீதம்.

```python
import numpy as np
A = 0.1 * np.eye(400)
print(np.linalg.det(A))
print(np.linalg.slogdet(A))
```

முதல் விடை 0.0. உண்மையான மதிப்பு 10⁻⁴⁰⁰, அவ்வளவு சிறிய எண்ணைச் சாதாரணத் தசம வடிவில் கணினியால் வைத்துக்கொள்ள முடியாது, எனவே வெறும் பூச்சியமாகிவிட்டது. இரண்டாவது கட்டளை அதே முக்கோணத்தைத்தான் உருவாக்குகிறது. ஆனால் மூலைவிட்ட உறுப்புகளைப் பெருக்குவதில்லை. குறியைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, உறுப்புகளின் மடக்கைகளைக் கூட்டுகிறது. அது தரும் விடையில் குறி 1, மடக்கைக் கூட்டுத்தொகை −921.03.